நாலாவது வரி

நான் எழுதாமல் விட்ட ஒரு வரியால் ஒரு பெண் இறந்துபோனார் என்று சொன்னால், அந்நாளில் என்னோடு வேலை செய்தவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். படகுத் துறை மூடிக் கிடந்ததால் இறந்தார் என்பார்கள். யுத்தத்தால் என்பார்கள், மலேரியாவால் என்பார்கள். எல்லாம் உண்மைதான். ஆனாலும் அந்த வரியை விட்டவன் நான். அதை வேறு யாரும் விடவில்லை.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. உயர்தரம் முடித்துவிட்டு, வாவிக் கரையோரக் கிராமங்களில் வேலை செய்த ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் சுகாதாரக் கல்வி உதவியாளனாக இருந்தேன். பதவியின் பெயர் பெரிது, வேலை பேசுவது. காய்ச்சல் வந்தவர்களை விரல் குத்தி, கண்ணாடித் துண்டில் ரத்தம் பூசி, மலேரியா இருந்தால் குளிசை கொடுப்பதற்கு வேறு ஆட்கள் இருந்தார்கள். கொடுத்த குளிசையைச் சனங்கள் குடித்து முடிக்கும்படி சொல்வதுதான் என் பொறுப்பு. வளர்ந்தவர்களுக்குப் பத்துக் குளிசை. முதல் நாள் நாலு, அடுத்த நாள் நாலு, மூன்றாம் நாள் இரண்டு. வாயில் வைத்தாலே குமட்டும் கசப்பு. சிலருக்கு உடம்பெல்லாம் கடித்து அரிக்கும். முதல் நாலும் போனதுமே பெரும்பாலானவர்களுக்குக் காய்ச்சல் விட்டுவிடும். அதற்கு மேல் ஏன் குடிக்க வேண்டும் என்பதுதான் எல்லோருடைய கேள்வியும்.

அலுவலகத்தில் என்னோடு வேலை செய்தவர் என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்த ஓர் அக்கா. படங்கள் வரைவார். நான் எழுதுவதை எல்லாம் பார்த்துச் சரி சொல்வதும் அவர்தான். அவரிடம் ஒரு முறை இருந்தது. எந்தக் கூட்டத்துக்கு எழுதினாலும் முதலில் மாறக்கூடாத வரிகளை ஒரு மட்டையில் சிவப்புப் பென்சிலால் எழுதி மேசைக்கு மேலே குத்திவிடுவார். மலேரியா மட்டையில் நாலு வரிகள் இருந்தன.

தந்த குளிசை முழுவதையும் குடித்து முடிக்க வேண்டும். காய்ச்சல் விட்டாலும் நிறுத்தக் கூடாது. மிச்சம் பிடித்து வைக்கக் கூடாது. நாலாவது: உன் குளிசையை இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது, அவருக்குக் காய்ச்சல் என்றால் அவரும் ரத்தம் பார்த்துத் தனக்குரியதை முழுதாகக் குடிக்க வேண்டும்.

"உதாரணத்த மாத்துங்க, வசனத்த நீட்டுங்க, குறைங்க, பாட்டாப் படிங்க, எனக்கென்ன," என்பார் அக்கா. "கடைசியில இந்த நாலும் உள்ளுக்கு இரிக்கோணும். அவ்வளவுதான்."

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு எழுதியது எனக்கு எளிதாக வந்தது. நானே அண்மையில்தான் அந்த வாங்கிலிருந்து எழுந்து வந்தவன். பத்தாம், பதினோராம் வகுப்புப் பிள்ளைகள். மாலை நேரங்களில் அவர்களுக்கு இருந்த ஒரே மகிழ்ச்சி கரப்பந்து. எனவே கரப்பந்தை எடுத்தேன். வசனங்களைச் சின்னதாக வெட்டினேன். ஒரு மூச்சில் சொல்லி முடியாத வசனம் ஒன்றும் இருக்கக்கூடாது என்று வைத்துக்கொண்டேன்.

"முதல் செட் வெண்டுட்டீங்க. நெற்றைக் கழட்டிட்டு வீட்ட போவீங்களா?"

"இல்ல சேர்!"

"காய்ச்சல் விட்டது முதல் செட். கிருமி இன்னும் மைதானத்துல நிக்கிறான். நிப்பாட்டாத. மிச்சம் வைக்காத. யாருக்கும் குடுக்காத."

பின் வாங்கில் இருந்த ஒருவன் எழுந்து, "சேர், எங்கட டீம் ஒரு நாளும் முதல் செட் வெண்டதில்ல. அப்ப எங்களுக்குக் குளிசை எத்தினை?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. ஒரு பெண்பிள்ளை திரும்பி, "உனக்குக் குளிசை இல்ல, ஊசி," என்றாள். அந்தச் சிரிப்போடு நாலு வரியும் உள்ளே போயின. இரண்டு மாதம் கழித்து அதே பாடசாலைக்குப் போனபோது பிள்ளைகள் என்னைக் கண்டதும் தூரத்திலிருந்தே "யாருக்கும் குடுக்காத!" என்று கத்தினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமையோடுதான் ஓய்வூதியர்களிடம் போனேன்.

கல்முனை வீதியில் குருக்கள்மடம் தாண்டிப் போகும் வழியில் ஒரு வாசிகசாலை. பென்சன் எடுக்கிற நாளில் தபால் கந்தோருக்கு வந்தவர்கள் காசை எடுத்துக்கொண்டு அங்கே வந்து கூடுவார்கள். வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையிலிருந்தும் சிலர் வருவார்கள். காலையில் மிதவைப் படகில் துறையைக் கடந்து, சோதனைச் சாவடியில் பையைத் திறந்து காட்டி, பிற்பகலுக்குள் திரும்பிவிட வேண்டும். ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர்கள், கிளாக்கர்மார், ஒரு தபாலதிபர், நீர்ப்பாசனத்தில் வாய்க்கால்களை மேற்பார்வை செய்யும் ஓவசியராக இருந்த ஒருவர். எல்லோரும் வெள்ளைச் சட்டை. எல்லோருடைய சட்டைப் பையிலும் பேனை.

நான் பள்ளிக்கூடத்துக்கு எழுதியதையே எடுத்துக்கொண்டு போயிருந்தேன். கரப்பந்துக்குப் பதில் நோய்க்குக் கொஞ்சம் விளக்கம் சேர்த்திருந்தேன். வசனங்கள் அப்படியே இருந்தன. இரண்டு நிமிடம் பேசியிருப்பேன். முன் வரிசையில் இருந்த பழைய அதிபர் கையை உயர்த்தினார்.

"தம்பி, கொஞ்சம் நில்லும். 'நிப்பாட்டாத, வைக்காத, குடுக்காத' எண்டு ஆருக்குச் சொல்லுறீர்?"

"உங்களுக்குத்தான் ஐயா."

"ஓம். நானும் முப்பது வருசம் இதே சத்தத்துலதான் கதைச்சனான். கையில பிரம்பும் இரிந்தது. உம்மட பிரம்பு எங்க?"

சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. ஆனால் என் காது சுட்டது. பக்கத்தில் இருந்தவர், "விடுங்க ஐயா, பாவம், பொடியன் பாடமாக்கிட்டு வந்திரிக்கான்," என்றார். அதுதான் இன்னும் மோசமாக இருந்தது. மிச்சத்தை அவசரமாக வாசித்து முடித்தேன். யாரும் கேட்கவில்லை.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என் அப்பா வாவியில் வலை வீசுகிறவர். அம்மா பெருவிரல் வைக்கிறவர். எங்கள் வீட்டில் முதலில் எழுதப் படிக்கத் தெரிந்தவன் நான்தான். அந்த வெள்ளைச் சட்டைக்காரர்களில் ஒருவர் கையெழுத்து வைத்துத்தான் எனக்குப் பாடசாலை அனுமதி கிடைத்தது. அப்பா அவர் வீட்டு வாசலில் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் 'செய்யாதே' என்று சொல்வது எனக்கு முதலிலிருந்தே முடியாத காரியம். அதிபர் சொன்னதும் அது பெருங்குற்றமாகவே தோன்றிவிட்டது.

அடுத்த மாதத்துக்குள் எல்லாவற்றையும் திருப்பி எழுதினேன். முதலில் கட்டளை வினைகளை எல்லாம் எடுத்தேன். 'நிறுத்தாதே' என்பது 'நிறுத்துவது உகந்ததல்ல' என்று ஆனது. 'நீங்கள்' வருகிற இடங்களில் கண்டிப்பு இருந்தால் 'நீங்கள்' என்பதையே எடுத்தேன். ஒவ்வொரு பந்தியையும் 'நீங்கள் அறிந்ததே' என்று தொடங்கினேன். வசனங்களை நீட்டினேன், முதிர்ந்தவர்களுக்கு வசனம் நீளமாக இருந்தால்தான் மரியாதை என்று நினைத்தேன். பிறகு உதாரணம். அவர்களில் பாதிப் பேர் வேளாண்மைக் குடும்பம், ஓவசியர் வேறு இருக்கிறார். எனவே தண்ணீரை எடுத்தேன். எழுதி முடித்த வசனம் இன்றுவரை எனக்கு மனப்பாடம்:

'வாய்க்காலின் தலைப்பில் உள்ள வயல் நனைந்ததைக் கண்டதும் மதகை இறக்கிவிட்டால் கடைசி வயல் காய்ந்தே கிடக்கும் என்பதை வட்டைகளில் வாழ்ந்த உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அதுபோலவே, உடம்பின் வெளியே காய்ச்சல் தணிந்ததைக் கண்டு குளிசையை நிறுத்தினால், உள்ளே ரத்தத்தில் எஞ்சியிருக்கும் கிருமிவரை மருந்து போய்ச் சேருவதில்லை. எனினும், மிச்சம் பிடித்து வைத்துக்கொள்வோரும் நம்மிடையே இல்லாமலில்லை.'

வீட்டில் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தார். பாதியில் நிமிர்ந்து, "என்ன மனே, இழுக்காய் இழுக்காய், இழுத்துக்கிட்டே போறாய். மீன் எப்ப வாற?" என்றார்.

"இது பெரிய ஆக்களுக்கு அப்பா."

"அப்ப சரி. அவங்களுக்குப் பொழுது இரிக்கி."

அக்கா அப்படி விடவில்லை. சிவப்பு மட்டையைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கோடு போட்டுக்கொண்டு வந்தார்.

"முதலாவது இரிக்கி. ரெண்டாவது இரிக்கி. மூணாவது... 'இல்லாமலில்லை'யா? ஆர் அந்த இல்லாத ஆக்கள்? நாலாவது எங்க தம்பி?"

"அதை விட்டுட்டன் அக்கா. பெரிய ஆக்கள். மற்றவங்களுக்குக் குடுக்காத எண்டு எப்பிடிச் சொல்ற? ஒருவருக்கு ஒண்டு குடுக்கிறதே பிழை எண்ட மாதிரி வருகுது. அவங்களுக்கு அது அவமானம்."

"அவங்களுக்கா, உங்களுக்கா?"

அவர் தாளைத் திருப்பிக் கொடுத்தார். "பிள்ளையளிட்டக் குடுக்காத எண்டு கத்தினீங்க. பிள்ளையளுக்கு ஆரு இரிக்கா குளிசை குடுக்க? இவங்களுக்குத்தான் மனுசி இரிக்கி, பேரப்பிள்ளை இரிக்கி. இவங்களுக்குத்தான் அந்த வரி."

அவர் சொன்னது எனக்கு அன்று விளங்கவே இல்லை என்று சொல்ல மாட்டேன். விளங்கியது. ஆனால் அதை அந்த வெள்ளைச் சட்டைகளுக்கு முன்னால் என் வாயால் சொல்வதை நினைத்துப் பார்த்தேன். முடியாது என்று பட்டது. "மூணாவதுக்குள்ளேயே அது அடங்கிரும் அக்கா," என்றேன். அடுத்த நாள் காலை கூட்டம். அவருக்கு வேறு வேலை இருந்தது. "உங்கட விருப்பம்," என்று மட்டும் சொன்னார்.

கூட்டம் நன்றாக நடந்தது. அதிபர் தலையசைத்துக் கேட்டார். மதகு உதாரணம் வந்ததும் ஓவசியர் ஐயா கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார். மெலிந்த, உயரமான மனிதர். பேசும்போது கையால் வாய்க்கால் வெட்டிக் காட்டுவார்.

"தம்பி சொன்னது நூற்றுக்கு நூறு," என்று எழுந்தார். "கடைசி வயலுக்குத் தண்ணி போகாம நான் ஒரு நாளும் வீட்ட போனதில்ல. கேட்டுப் பாருங்க, படுவான்கரையில. ஓவசியர் வந்தாரெண்டா மேல் வயல்காரன் மம்பட்டிய ஒளிக்கிற."

"உங்களுக்குப் பயந்தா, உங்கட சைக்கிளுக்குப் பயந்தா?" என்று தபாலதிபர் கேட்டார். "அந்த பிறேக் சத்தத்துக்கு மாடும் ஓடும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஓவசியர் ஐயா போகும்போது என் தோளில் கை வைத்து, "நல்லாச் சொன்னீர். எங்கட பாசையில சொன்னீர்," என்றார். வீடு வரும்வரை சைக்கிளில் அந்த வார்த்தைகளையே சொல்லிக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு துறை மூடியது. படுவான்கரையில் ராணுவச் சுற்றிவளைப்பு என்றார்கள், சண்டை என்றார்கள். மிதவைப் படகு இந்தக் கரையில் கட்டிக் கிடந்தது. வாவிக்கு அப்பால் சில நாட்கள் புகை தெரிந்தது. அப்பா வலை வீசப் போகவில்லை. மருந்து ஏற்றிப் போக எங்கள் அலுவலகம் கேட்ட அனுமதி வரவில்லை. மூன்று கிழமைக்கும் மேல் அப்படியே கிடந்தது.

துறை திறந்த இரண்டாம் நாள் ரத்தம் எடுக்கும் குழுவோடு அக்காவும் நானும் அந்தப் பக்கம் போனோம். ஓவசியர் ஐயாவின் வீடு வழியில்தான். வாசல் படலையில் வெள்ளைத் துணி கட்டியிருந்தது. முற்றத்தில் கூட்டமில்லை. விறாந்தையில் அவர் மட்டும் ஒரு போர்வையைப் போர்த்திக்கொண்டு சாய்மனைக் கதிரையில் இருந்தார். நல்ல வெயில், அவருக்கு உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது.

"வாங்க தம்பி. இரிங்க. தேத்தண்ணி தர ஆளில்ல," என்றார்.

அவருடைய மனைவி போய் ஒன்பது நாள். பிள்ளைகள் இருவரும் கொழும்பில். செய்தி போய்ச் சேர்ந்ததோ என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. அடுத்த வீட்டார் சேர்ந்து காரியம் முடித்திருந்தார்கள்.

அவரே சொன்னார். நாங்கள் கேட்கவில்லை. துறை மூடுவதற்குச் சில நாள் முன்னர் அவருக்குக் காய்ச்சல் வந்திருக்கிறது. ரத்தம் பார்த்து எங்கள் ஆட்களே பத்துக் குளிசை கொடுத்திருக்கிறார்கள். முதல் நாள் நாலைக் குடித்தார். அடுத்த நாள் காலையில் காய்ச்சல் இல்லை. ஒன்றைக் குடித்துவிட்டு மிச்சம் ஐந்தைப் பொதிந்து வைத்தார். பிறகு துறை மூடிவிட்டது. பிறகு மனைவிக்குக் காய்ச்சல்.

"அவவுக்கு முதல் நாள் நாலு. அடுத்த நாள் ஒண்டு. என்ட மாதிரியே. காய்ச்சல் விட்டிச்சி. கஞ்சி குடிச்சா. நாலு நாளால திருப்பி வந்திச்சி. வந்த வேகம்... ஆளைத் தெரியல்ல. என்னையே 'நீங்க ஆரு, ஏன் இஞ்ச நிக்கிறீங்க' எண்டு கேட்டா. துறைக்கு வண்டில்ல ஏத்திக்கிட்டுப் போனன். படகு அந்தக் கரையில நிக்கி. கையைக் காட்டினன். கூப்பிட்டன். ஆரு வாற?"

அக்கா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது. "ஐயா, முழுசாக் குடிக்கோணும் எண்டு கூட்டத்தில..."

அவர் என்னைப் பார்த்தார். கோபமே இல்லை அவர் முகத்தில். ஒரு கணக்கை மாணவனுக்கு விளக்குவதுபோலத்தான் சொன்னார்.

"ஓம், சொன்னீர். கடைசி வயலுக்குத் தண்ணி போகோணும் எண்டு சொன்னீர். தம்பி, மாரியில குளம் நிறைஞ்சா எல்லா வயலுக்கும் முழுத் தண்ணி. கோடையில குளத்துல தண்ணி இல்லாட்டி என்ன செய்யிற? முறை வைக்கிற. ஆளுக்குப் பாதி. மேல் வயல்காரன் தன்ர வயல் நிறையுமட்டும் எடுத்தான் எண்டா அவன் கள்ளன். முப்பத்தொரு வருசம் நான் அந்தக் கள்ளனப் புடிக்கத்தான் சைக்கிள் ஓடினன். குளிசை பத்து. துறை மூடப் போகுது எண்டு ஊரெல்லாம் கதை. வீட்ட ரெண்டு பேர். நான் மேல் வயல். அவ கடைசி வயல்."

போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். "நீர் சொன்னபடிதான் செய்தன்," என்றார்.

நான் அந்த உதாரணத்தைத் தேர்ந்தபோது நினைத்தது ஒரே ஆளின் உடம்பை. அவர் கேட்டது பல பேருடைய வயல்கள் சேர்ந்த ஒரு வட்டையை. எனக்கு வாய்க்கால் என்பது புத்தகத்திலும் வீதியோரத்திலும் பார்த்தது. தண்ணீர் கடைசிவரை ஓடும் என்பது மட்டும்தான் அதில் எனக்குத் தெரிந்த விசயம். அவருக்கு அது பகிர்வு. பகிராதவன் திருடன். நான் நாலாவது வரியை விட்டது மட்டுமல்ல; அதற்கு நேர் எதிரானதை, அவருடைய சொந்தப் பாசையில், அவருடைய முப்பத்தொரு வருசத்தையும் சாட்சிக்கு வைத்துச் சொல்லியிருக்கிறேன்.

அவருக்கு ரத்தம் எடுத்தார்கள். மலேரியாதான், அன்று பாதியில் விட்டது திரும்பி வந்திருந்தது. மறுபடியும் பத்துக் குளிசை. அவர் மெலிந்து போயிருந்தார். இந்த முறையும் பாதியில் விட்டால் அவரும் போய்விடுவார் என்று குழுவில் இருந்தவர் என்னிடம் மெதுவாகச் சொன்னார். "நீங்கதானே கதைக்கிற ஆள். கதைச்சிட்டு வாங்க."

நான் அவர் முன்னால் குந்தினேன். நீட்டுவதற்கும் வெட்டுவதற்கும் என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. உதாரணம் ஒன்றும் வரவில்லை. வந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

"ஐயா, இந்தப் பத்தும் உங்களுக்கு மட்டும். ஒருவருக்கும் குடுக்காதீங்க. குடுக்கிறது பிழை. மதகுக் கதை சொன்ன அண்டைக்கு நான் இதைச் சொல்லல்ல. சொல்ல வெக்கமா இரிந்தது."

அவர் போர்வையை மெல்ல விலக்கினார். பிறகு கையை நீட்டி நாலு குளிசையை வாங்கினார். தண்ணீர்ச் செம்பைத் தூக்கிக் கொடுத்தேன்.

"இனி ஆருக்குக் குடுக்கிற தம்பி," என்றார். குடித்தார்.

அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும் துறை கடந்து போய்ப் பார்த்தேன். குடித்துவிட்டு வாயைத் திறந்தே காட்டினார், பிள்ளைகள் காட்டுவதுபோல. மூன்றாம் நாள் கடைசி இரண்டும் போனபின் வெற்று உறையை என்னிடம் தந்தார். "ஒண்டு கேக்கிறன். சொல்றது லேசு, குடுக்காத எண்டு. அவவுக்குக் காய்ச்சல் வந்த அண்டைக்கு என்ட கையில அஞ்சு குளிசை இரிக்கி, துறை பூட்டு. நீர் அந்த வரியச் சொல்லியிரிந்தாலும் நான் என்ன செய்யிற? குடுக்காம பாத்துக்கொண்டு இரிக்கிறதா?"

ஐயா கேட்டதை அக்காவிடம் வந்து அப்படியே சொன்னேன். அவர் அந்தக் கிழமையிலேயே அலுவலகத்தில் சண்டை போட்டு, படுவான்கரையில் இருக்கும், பிரசவம் பார்க்கும் மருத்துவமாதுவின் வீட்டில் துறை மூடினாலும் எடுக்கக்கூடியதாகக் குளிசையும் ரத்தம் எடுக்கும் கண்ணாடியும் வைக்க ஒழுங்கு செய்தார். மேசைக்கு மேலே இருந்த மட்டையில் ஐந்தாவதாக ஒரு வரி எழுதினார்: வீட்டில் அடுத்தவருக்குக் காய்ச்சல் வந்தால் போக வேண்டிய இடம் இது. அந்த வரி இல்லாமல் நாலாவது வரியை எழுதியதே எங்கள் பிழை என்றார். 'எங்கள்' என்றார். அது அவருடைய நல்ல மனம்.

அடுத்த பென்சன் நாளில் வாசிகசாலைக்குப் போனேன். ஓவசியர் ஐயாவும் வந்திருந்தார். இன்னும் தடியை ஊன்றித்தான் நடந்தார். நான் பேச எழுந்தபோது கையைக் காட்டி இருக்கச் சொன்னார். "நான் சொல்லுறன்," என்றார்.

அவர் அன்று பேசியதை நான் எழுதிக்கொள்ளவில்லை. வசனங்கள் பிள்ளைகளுக்கு எழுதியதைவிடச் சின்னவை. "எனக்குத் தந்தது பத்து. அஞ்சு குடிச்சன். அஞ்ச என்ட மனுசிக்குக் குடுத்தன். ரெண்டு பேருக்கும் காணாது. அவ போயிட்டா. நான் குடுத்துத்தான் போனா. நீங்க குடுக்காதீங்க. மருத்துவமாதுட வீட்ட மருந்து இரிக்கி. அங்க கூட்டிப் போங்க." இவ்வளவுதான். இருந்துவிட்டார்.

'குடுக்காதீங்க' என்று அவர் சொன்னபோது யாரும் பிரம்பைக் கேட்கவில்லை.

பிறகு பழைய அதிபர் சட்டைப் பையில் கையை விட்டு, மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்து, அதன் அடியிலிருந்து மடித்த கடதாசிப் பொட்டலம் ஒன்றை எடுத்து என் முன்னால் மேசையில் வைத்தார். அடுத்தது தபாலதிபர். தனது பர்சிலிருந்து எடுத்தார். பின்னால் இருந்தவர், "என்ட வீட்ட இரிக்கி, நாளைக்குக் கொண்டுவாறன்," என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். அவருக்கும் பின்னால் இன்னும் இருவர் கை உயர்த்தினார்கள்.

நான் முதல் கூட்டத்தில் கட்டளை போட்டதையும், இரண்டாம் கூட்டத்தில் தலையசைக்க வைத்ததையும் கேட்டவர்கள் இவர்கள். இரண்டையும் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்க் குளிசையை எடுத்து வைத்திருக்கிறார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு அக்காவும் நானும் பொட்டலங்களைப் பிரித்தோம். சில குளிசைகள் உடைந்து மாவாகியிருந்தன. எல்லாம் எழுத்து வேலை பார்த்த கைகள். குளிசை சுற்றிய தாளில்கூடக் குறிப்பு இருந்தது. அதிபருடையதில் அழகான சரிவெழுத்தில் 'பேத்திக்கு, பரீட்சைக் காலம்' என்று எழுதியிருந்தது. தபாலதிபருடையதில், வீட்டில் மனைவியைச் சொல்வதுபோல, 'இவவுக்கு' என்று மட்டும்.

அக்கா அதைத் திரும்ப மடித்தார். எறிய மனம் வராமல் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு அப்படியே இருந்தோம்.